பெரட்டில் எழுதியவன்

சொக்கநாதன் பெரட்டில் எழுதியிருக்கக் கூடாது. விடிகாலையில் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்று வேலைக்குப் பிரிந்துபோகிற நேரம் அது. யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் யாரோடு பேசாமல் நிற்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான். அதே காலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து, சப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் வேண்டுமென்று பெயர்களைப் படித்தான். பெயர் வந்த மூன்று பேர் அழுதுகொண்டே லாரியில் ஏறினார்கள்.

அன்று சாயங்காலம் லயத்தில், ஆட்களின் வரிசை வீடுகளில், அவன் போன இடமெல்லாம் பேச்சு நின்றது.

கல்கத்தாவில் மானுடவியல் படித்துவிட்டு மலாயாவில் ஈப்போவில் இருக்கும் சிறிய தகப்பனார் வீட்டுக்கு வந்த செட்டியார்ப் பையன் அவன். ரப்பர் பால்மரத் தோட்டத்து மக்களோடு சில மாதம் வாழ்ந்து பார்த்து எழுத நினைத்தான். அதற்குள் சப்பான்காரன் வந்துவிட, கப்பல் நின்றது. ஊர் திரும்ப வழியில்லாதவன் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டமொன்றிலேயே தங்கிவிட்டான். பால் வெட்டுவது நின்று, மரவள்ளி நடுவது தொடங்கியிருந்தது. அவனும் மண்வெட்டி பிடித்தான். உள்ளங்கை கொப்பளித்து அடங்கியபின்தான் ஆட்கள் அவனிடம் வாய்விட்டுப் பேசினார்கள்.

வேலைக்கு நடுவில் ஓரிரண்டு சொல் மட்டும் குறிப்பான். இருட்டுமுன் அதை விரித்து எழுதிவிடுவான். ஒரு நாள் தள்ளினால், நடந்தது போய் நடந்திருக்கலாம் என்று தோன்றுவது வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவன் பட்டறிந்தது. தாளை மூன்றாகப் பிரித்திருந்தான்: கண்டது, சொன்னது, நினைத்தது.

இப்போது ராமையா அவனை வாசலிலேயே மறித்தான். லயத்தில் நாலு பேர் அவன் சொல் கேட்பார்கள்.

"செட்டியாரே, காலையில நீ எழுதுனே, கிராணி படிச்சான். எங்களுக்கு என்ன தோணும்?"

"கிராணிக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல அண்ணே."

"அப்ப எல்லாரு முன்னாடியும் படி. இல்லாட்டி நாளைக்கு மூட்டையக் கட்டு."

நியாயமான கேள்விதான். ஆனால் எல்லார் முன்னும் எப்படிப் படிப்பது? ஒருவர் மற்றவரைப் பற்றி அவனை நம்பிச் சொன்னதும் அந்தத் தாள்களில்தானே இருந்தது. படிக்காவிட்டால் அவன் ஒற்றன், படித்தால் துரோகி.

"அவங்கவங்களப் பத்தினத அவங்கவங்ககிட்ட மட்டும் படிக்கிறேன்," என்றான். "வேணாம்னு சொன்னா அந்தத் தாள அவங்க கையிலயே குடுத்துடுறேன். முதல்ல உங்களுக்கு."

ராமையா தன் பக்கத்தைக் கேட்டான். மரவள்ளிக் குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டு, முளைக்காததற்குச் சாமி குற்றம் என்று அவன் பழி போட்ட கதை அதில் இருந்தது. சற்று நேரம் முகத்தை இறுக்கிவைத்திருந்தவன் சிரித்துவிட்டான். "இதப் போயி எழுதியிருக்கான் பாரு. பேரு எங்க?"

"பேரே எழுதல. 'வரிசையில முதல் வீடு'ன்னுதான் இருக்கு."

"இனிமே பெரட்டுல பென்சில எடுக்காத. எங்க மனசு பதறுது."

"எடுக்க மாட்டேன் அண்ணே."

இரண்டு மூன்று நாளில் எல்லோரும் கேட்டு முடித்தார்கள். கருப்பம்மாள் தன் தாளில், "புருசன் கோவக்காரருன்னு போடு, நான் கோவக்காரின்னு போடாத," என்று பேரம் பேசினாள். "ரெண்டும் 'சொன்னது'லதான் இருக்கு அக்கா," என்றதும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. கருப்பம்மாள் வீட்டில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டோம், நாங்க வேற ஆளுக என்று அவள் சொன்னது ஒரு பக்கம். கொல்லையில் இருவரும் மரவள்ளி துருவி, ஒரே சட்டியில் கிண்டி, அங்கேயே தின்றது இன்னொரு பக்கம். மூன்றாவதான 'நினைத்தது' பக்கத்தில், 'பஞ்சம் சாதியைத் தளர்த்துகிறது' என்று எழுதியிருந்தான். அந்த வரியில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"குடு இப்பிடி," என்றாள் ராக்காயி.

கொடுத்தான். அவள் அதை அடுப்பில் செருகி ஊதினாள். தீ பிடித்தது. பிடுங்கிவிடலாமா என்று பார்த்தான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

மறுநாள் அந்தியில் அவளே கூப்பிட்டாள். கருப்பம்மாளும் கொல்லையில் இருந்தாள். முன்னால் சட்டியில் கிண்டி இறக்கிய சூடான மரவள்ளி.

"உக்காரு தம்பி. அந்தப் பென்சில உள்ள வச்சிட்டு வா. எழுதாத, கேளு."

கேட்டான். ராக்காயிக்குப் பிரசவத்தில் பால் வறண்டபோது, அவள் மகனுக்குப் பால் கொடுத்தது கருப்பம்மாள். சப்பான்காரன் வருவதற்கு ரொம்ப முன்னால். அன்றிலிருந்தே இந்தச் சட்டி ஒன்றுதான். ஊர் வாய்க்குத்தான் அந்தக் 'குடிக்க மாட்டோம்'.

"பஞ்சமாம் பஞ்சம்," என்றாள் ராக்காயி. "படிச்ச புள்ளைக்குப் பேச்சப் பாரு."

"அவன் என்னத்தக் கண்டான், விடுடி," என்றாள் கருப்பம்மாள்.

மூவரும் ஒரே சட்டியில் கைவைத்தார்கள். தேங்காய் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அன்றிரவு அவன் எழுத உட்கார்ந்தபோது, கேட்டதில் ஒரு சொல்லையும் தாளில் ஏற்றவில்லை. பஞ்சத்தைப் பற்றி வேறு தாள்களில் எழுதிவைத்திருந்த முடிவுகளை மட்டும் தேடித் தேடிக் கோடு போட்டு அடித்தான். பக்கத்தில், 'காரணம் தெரியாது என்று வைத்துக்கொள்' என்று எழுதிவிட்டு, நிறைந்த வயிற்றோடு படுத்தான்.