மீதி ஐந்நூறு

டெய்லரம்மாவுக்கு அந்தக் கட்டிடத்தில் ‘சைபர்’ என்று பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான்.

விஷயம் இதுதான். பழைய தையல் மெஷின் ஒன்றை ஆன்லைனில் விற்கப் போட்டிருந்தாள். விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. வாங்குகிறேன் என்றவன் முகத்தையே காட்டவில்லை, எல்லாம் போனில்தான். “அக்கா, ஒரு சைபர் கூட விழுந்து இருபத்தஞ்சாயிரம் வந்துடுச்சு பாருங்க. ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த காசுக்கா. உங்களுது போக மீதியத் திருப்பிப் போட்டுடுங்க” என்று ஓவென்று அழுதான். அதே சமயம் இருபத்தைந்தாயிரம் வரவு என்று பேங்க் அனுப்புவது போலவே ஒரு மெசேஜ் வந்து நின்றது. பாவி மகள் மெசேஜைப் பார்த்தாளே ஒழிய, கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. அழுகிறானே என்று பதறிப்போய் மீதியை அனுப்பிவிட்டாள். அப்புறம் பார்த்தால் உள்ளே ஒரு காசு வரவில்லை. அந்த மெசேஜ் பேங்கிலிருந்து வந்ததே இல்லை, அழுதவனே தன் நம்பரிலிருந்து தட்டி அனுப்பியது. சைபர் கிரைமில் புகார் கொடுத்தும் போனது போனதுதான்.

“ஒரு சைபரை நம்பி சைபர் கிரைம் வரைக்கும் போய்ட்டு வந்தவ என் பொண்டாட்டி” என்று அவர் ஒருநாள் மாடிப்படியில் சொல்ல, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மனுஷன் கெட்டவர் இல்லை, வாய்தான் நீளம். துணி அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட, “அக்கா, காசைக் கையில குடுத்துடவா, இல்ல ஸ்கிரீன்ஷாட் போதுமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு, உள்ளே வந்து மெஷினை மிதிக்கிற மிதியில் நூல் அறுந்துபோகும்.

அடுத்து விற்பனைக்கு வந்தது சக்கர நாற்காலி. டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன், தன் சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது வாங்கியது. கால் கூடிவிட்டது, நாற்காலி கூடத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நாலாயிரத்து ஐந்நூறு என்று போட்டாள். “இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன், நீங்க வாயைத் திறக்காதீங்க” என்று கண்டிப்பாகச் சொல்லியும்விட்டாள்.

வந்தவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். தோளில் கருவிப் பை, சட்டையில் கிரீஸ் கறை. அவருடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி, மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார், பிரேக்கை இழுத்துப் பார்த்தார், கீச்சென்ற சக்கரத்துக்குத் தன் பையிலிருந்தே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். பேரம்கூடப் பேசவில்லை. போனைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“அஞ்சாயிரமா அனுப்பிட்டேன் அக்கா. மீதி ஐந்நூறு மட்டும் கையில குடுத்துடுங்க. நாற்காலியை ஏத்திட்டுப் போக ஆட்டோவுக்கு வேணும். கையில ஒத்தைக் காசு இல்ல.”

மீதி! அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கணக்கைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். அப்போதும் இல்லை. அவர் தன் போனை நீட்டினார். பச்சை டிக், அஞ்சாயிரம், அவள் பெயர், எல்லாம் பளிச்சென்று இருந்தது.

“இந்த மாதிரி டிக்கெல்லாம் நானும் நிறையப் பார்த்தாச்சு” என்றாள்.

“என் கணக்குல கழிஞ்சிடுச்சு அக்கா. பேங்க்ல சில நேரம் லேட்டாகும். வந்ததும் குடுங்க போதும், நான் கீழயே உக்காந்திருக்கேன்.”

இதுவரை அவள் செய்தது நூற்றுக்கு நூறு சரி, அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவன் போனில் என்ன தெரிந்தால் என்ன, நம் கணக்கில் வந்தால்தான் பணம். ‘வந்ததும் கூப்பிடறேன், வந்து எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அவமானம் சும்மா இருக்குமா? அவளுக்கு வேண்டியது பணமே இல்லை, பார்க்க நாலு பேர்தான்.

“எல்லாரும் வெளிய வாங்க! இன்னொருத்தன் வந்திருக்கான்!” என்று கத்தினாள். வரிசையாகக் கதவுகள் திறந்தன. கட்டிடச் செயலாளர் பனியனோடு ஓடி வந்தார். “உங்க அம்மா பேரைச் சொல்லித் திருட வெக்கமா இல்ல? நல்லா ஒட்டியிருக்கு பாரு கிரீஸு, வேஷம் பிரமாதம்!” என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். மெக்கானிக் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அந்தப் போனையே நீட்டி நீட்டிக் காட்டினார். அப்படி அவர் நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவள் ஒரு போட்டோ எடுத்தாள்.

“போலீசைக் கூப்பிடறதுக்குள்ள கிளம்பு” என்றார் செயலாளர். பணமும் போய், நாற்காலியும் இல்லாமல், அந்த மனுஷன் படியிறங்கிப் போனார். ஆட்டோவுக்குத்தான் காசில்லையே, நடந்துதான் போயிருப்பார்.

போட்டோ கட்டிடக் குரூப்பில் ஏறியது. ‘போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுபவன். மெக்கானிக் வேஷத்தில் வருகிறான். எல்லோருக்கும் அனுப்புங்கள்.’ அடடா, வந்து குவிந்த பாராட்டு இருக்கிறதே! கைதட்டலென்ன, பூங்கொத்தென்ன! புருஷன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, “கீழ எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசறாங்க. கில்லாடி!” என்றார். கில்லாடி! அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் வழக்கம்போலக் கணக்கைத் திறந்தாள். அஞ்சாயிரம் உட்கார்ந்திருந்தது. அவர் போன கொஞ்ச நேரத்திலேயே வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயரும் அவர் பெயரேதான்.

புருஷனிடம் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, “சரி, காசைத் திருப்பி அனுப்பிடு. இல்லன்னா நாற்காலியைக் குடுத்துடு. ஆனா குரூப்புல போய் வாயத் திறக்காத. இப்பத்தான் ஒருத்தனும் சிரிக்காம இருக்கான்” என்றார்.

வெட்கக்கேடு என்னவென்றால், அது அவளுக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. நேரில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதாதா, ஊருக்கெல்லாம் எதற்குத் தமுக்கடிக்க வேண்டும்? போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. விலாசம் முந்தைய நாள் அவர் அனுப்பிய மெசேஜில் இருந்தது. நாற்காலியை மடக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஒற்றை அறை வீடு. வாசலில் இரண்டு வாஷிங் மெஷின்கள் குடலைப் பிரித்துப் போட்டபடி கிடந்தன. உள்ளே அவர் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறக்கி, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்துத்தான் மகனும் பக்கத்து வீட்டுக்காரருமாக அவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

“பணம் வந்துடுச்சு. தப்பு என்னுதுதான். என்னை மன்னிச்சிடுங்க தம்பி” என்றாள் டெய்லரம்மா. கையில் மடித்து வைத்திருந்த ஐந்நூறை நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியை விரித்து, மனைவியும் அவருமாக அம்மாவை அதில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா, “அப்பாடா, நல்லாருப்பே தாயி” என்று அவளைப் பார்த்துச் சொன்னபோது பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது. நேற்று நடந்த எதையும் யாரும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மெக்கானிக் கேட்டார். “பணம் வந்துடுச்சுன்னு குரூப்புல போட்டுட்டீங்களா அக்கா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“காலையில ரெண்டு வீட்டுல வேலை இருந்தது. ரெண்டு பேரும் வர வேணாம்னுட்டாங்க” என்றார். “நான் அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய் வேலை செய்யறவன் அக்கா. உள்ள விட்டாத்தான் எனக்குச் சோறு.”

“போடறேன் தம்பி. வீட்டுக்குப் போனதும்…”

“இங்கயே போடுங்க” என்றாள் அவர் மனைவி. “எங்க அக்காவே எனக்கு அந்தப் போட்டோவை அனுப்பி, உம்புருஷன் மாதிரியே இருக்குடின்னு கேக்கறா.”

டெய்லரம்மா உட்கார்ந்து தட்டினாள். ‘நேற்று நடந்ததில் ஒரு சின்னக் குழப்பம்’ என்று ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்த மனைவி, “குழப்பமா?” என்றாள். அழித்தாள். ‘பேங்க் தாமதத்தால்’ என்று எழுதி, அதையும் தானே அழித்தாள். தாமதம் பேங்க்தான் செய்தது, ஆனால் பேங்கா அவரைத் திருடன் என்றது? கடைசியில் நேராகவே எழுதினாள். ‘நேற்று நான் திருடன் என்று சொன்னவர் திருடர் இல்லை. பணம் வந்துவிட்டது. பணம் வரக்கூடப் பொறுக்காமல் பொய்ப் பழி போட்டது நான். அவர் நல்ல மெக்கானிக். அந்தப் போட்டோவை அனுப்பிய எல்லோருக்கும் இதையும் அனுப்புங்கள்.’

அனுப்பிவிட்டு, மூன்று பேருமாக அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டைவிரல் வந்தது. செயலாளர், ‘பரவாயில்லை மேடம், எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே’ என்று போட்டார். யாரோ ஒருவர் சிரிப்பு முகம் போட்டு, ‘சைபர் ரிட்டர்ன்ஸ்’ என்றார். பூங்கொத்து எதையும் காணோம். புருஷன் பெயர் திரையில் மின்னி மின்னி அழைத்தது. அவள் எடுக்கவில்லை.

அப்போது வேறொரு மெசேஜ் வந்தது. நாலு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண், அவளிடம் துணி தைக்கக் கொடுப்பவள். திறந்தால் மெக்கானிக்கின் அதே படம், போனை நீட்டியபடி. ‘அக்கா, உங்க பக்கம்தான் சுத்துறானாம். பத்து வீட்டுல ஏமாத்திட்டானாம். வயசானவங்க இருக்கற வீடாப் பார்த்து நுழையறானாம். ஜாக்கிரதை!’

பத்து வீடாம். வயதானவர்களாம். இதையெல்லாம் அவள் எழுதவே இல்லை.

டெய்லரம்மா போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். ஆனால் மெக்கானிக் பார்த்துவிட்டிருந்தார். “அதுக்கும் பதில் போடுங்க அக்கா” என்றார், கெஞ்சுகிற மாதிரி. அவள் போட்டாள். ‘அந்தப் போட்டோ எடுத்ததே நான்தான். அவர் யாரையும் ஏமாத்தல. நான்தான் அநியாயமாப் பழி போட்டேன். நீ யாருக்கெல்லாம் அனுப்பினியோ அவங்க எல்லாருக்கும் சொல்லு.’

பதில் உடனே வந்தது.

“என்ன சொல்றாங்க?” என்றார் மெக்கானிக்.

ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படித்துக் காட்டினாள்.

“ஐயோ அக்கா, எங்க பொண்ணு ஸ்கூல் குரூப்புல போட்டுட்டேனே. அவங்கெல்லாம் எங்கெங்க அனுப்பினாங்களோ, எனக்கெப்படித் தெரியும்?”