உப்பண்ணனின் சர்வீஸ் பணம்

வெளிநாட்டில் நாங்கள் தங்கி வேலை செய்த கம்பெனி கேம்பில் என்னை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வெல்டர். சட்டமெல்லாம் படிக்கவில்லை, வாய் மட்டும் நீளம். ஓவர்டைம் குறைந்தால், லீவு சம்பளம் இழுத்தடித்தால், "போய் வக்கீலைக் கேளு" என்பார்கள். கேட்காதவனையும் பிடித்து உட்காரவைத்துச் சொல்வேன்.

"வேலை முடிஞ்சு போறப்போ குடுக்கற சர்வீஸ் பணம் அடிப்படைச் சம்பளத்துல மட்டும்தான் கணக்கு. சாப்பாட்டுக் காசெல்லாம் சேராது. ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போறதுக்கு டிக்கெட் கம்பெனிதான் குடுக்கணும், அது ஒண்ணும் தர்மம் இல்ல. முக்கியமா, காசு கைக்கு வராம வாங்கிட்டேன்னு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே!"

இத்தனையும் பேசிய வாய்தான் உப்பண்ணனைக் கவிழ்த்தது.

உப்பண்ணன் எங்கள் மெஸ் சமையல்காரர். என்றோ ஒரு நாள் குழம்பில் இரண்டு தரம் உப்பைப் போட்டுவிட்டார், அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் எதற்கும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தனியாகக் கஞ்சி வைத்துக் கட்டில் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்த மனுஷன். எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம் ஒன்றாக முடிந்தது. கம்பெனியில் வேலை குறைந்துபோனதால் யாருக்கும் புதுப்பிக்கவில்லை. ஊரில் சின்னதாக மெஸ் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு கடைக்கு முன்பணமும் கொடுத்து வைத்திருந்தார். மீதியை சர்வீஸ் பணம் வந்ததும் தருவதாகக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார்.

ஆபீசில் கணக்கு முடித்து அனுப்பும் செட்டில்மெண்ட் வேலை பார்ப்பவர் நம் பாஷை பேசுகிறவர். அதுவே பாதி மயக்கம். மேசையில் டிக்கெட், பாஸ்போர்ட், பக்கத்தில் ஒரு தாள். எனக்குப் பின்னால் உப்பண்ணன், அவருக்குப் பின்னால் வரிசையில் நம் ஆட்கள்.

"நீங்கதான் இவங்களுக்கெல்லாம் வக்கீலாச்சே. ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு இவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

தாள் முழுக்க அந்த நாட்டு மொழியில் பொடி எழுத்து. அந்த மொழியை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், அதுவும் கண்ணாடி போட்டால். அத்தனை பேர் முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைபோல எழுத்துக்கூட்ட எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினேன். தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுமில்ல. டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் வாங்கிக்கிட்டோம்னு இருக்கு. பணம் அக்கவுண்ட்ல வந்துடும். போடுங்கப்பா."

உப்பண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளில் முதல் ஆளாக விமானம் ஏறிவிட்டார். ஒர்க் ஷாப்பில் சாமான்களை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் என் டிக்கெட் தேதி தள்ளிப்போயிருந்தது.

அடுத்த வாரம் என் பணம் வந்தது. இன்னும் கிளம்பாமல் கேம்பில் இருந்த மற்றவர்களுக்கும் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட உப்பண்ணனுக்கு மட்டும் வரவில்லை. தினமும் போன் செய்தார். "வக்கீலு, வந்துடுமா?" "வந்துடும் அண்ணே, பேங்க்ல லேட்டு." எனக்கு வந்துவிட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடைசியில் அவர் பெயர் திரையில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தேன். சீ! அவர் வைத்த கஞ்சியைக் குடித்த உடம்பு இது.

ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். அந்த ஆள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"எல்லாம் வாங்கியாச்சுன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க? உங்களுக்கு வந்துடுச்சுல்ல, பேசாம ஊருக்குக் கிளம்புங்க. உங்க வாய்க்குப் பயந்துதான் உங்களுக்கு முதல்ல போட்டோம்."

செருப்பால் அடித்தாற்போல இருந்தது. போனவர் திரும்பி வந்து கேட்கமாட்டார் என்ற தைரியம் அவனுக்கு. அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். தமிழ் தெரிந்த ஒரு அம்மா உதவி மேசையில் இருந்தார். என் நண்பர் ஒருவர், அவருடைய நண்பர் ஒருவர் என்று சுற்றி வளைத்தேன்.

"யாரோ ஒரு முட்டாள் படிக்காமலே படிச்ச மாதிரி சொல்லிட்டாம்மா, அவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மேற்கொண்டு தோண்டவில்லை.

"கையெழுத்துப் போட்டதால எல்லாம் போச்சுன்னு இல்லைங்க. சம்பளம் எப்பவும் பேங்க்லதானே வந்துச்சு? அப்போ பணத்தை அனுப்பினதுக்குக் கம்பெனி ஆதாரம் காட்டணும். அவரோட அக்கவுண்ட் விவரம் எடுத்துட்டு வாங்க. வரவே இல்லைன்னு அதுலயே தெரிஞ்சுடும். முதல்ல ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவாங்க, முடியலைன்னா கோர்ட்டுக்கு அனுப்புவாங்க. ஆனா காலம் தாழ்த்தாதீங்க, புகாருக்குக் கெடு உண்டு."

"நானே குடுத்துடறேம்மா புகாரை."

"நீங்க குடுக்க முடியாது, பாக்கி அவரோடது. அவர் ஊர்ல இருந்தே உங்க பேருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, முறைப்படி சான்று வாங்கி அனுப்பட்டும். அதுக்கு நீங்க இங்க இருக்கணும். விசா ரத்தான பிறகு எவ்வளவு நாள் தங்கலாம்னு பாத்துக்குங்க. கம்பெனி குடுத்த டிக்கெட்ல போகலைன்னா அது வீணாயிடும், அப்புறம் உங்க கைக்காசுதான்."

பத்திரத்தில் வரவேண்டிய சட்ட வார்த்தைகளை அந்த நாட்டு மொழியிலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆக, உப்பண்ணனுக்குப் போன் செய்தே தீரவேண்டும். என் டிக்கெட் போனால் மயிரே போச்சு. உப்பண்ணனிடம் உண்மையைச் சொல்வதுதான் பெரிய பாடு. என் பெயருக்கு அவர் ஏன் அதிகாரம் எழுதித் தரவேண்டும்? என் பேச்சை நம்பி ஒரு கையெழுத்துப் போட்டதற்கு அவர் பட்டது போதாதா?

அலுவலக வாசல் மர நிழலில் நின்று போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வக்கீலு! நல்லா இருக்கியா? கொஞ்ச நாளா போனே எடுக்கல, உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்."

"அண்ணே, எனக்குப் பணம் வந்துடுச்சு. எப்பவோ வந்துடுச்சு. உங்களுக்குத்தான் வரல. நான் மறைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. கடை கைவிட்டுப் போகாமல் இருக்க அங்கேயே கூலிக்குச் சமைக்கிறாராம். அதை அவர் பிறகுதான் சொன்னார். நான் நிறுத்தாமல் தொடர்ந்தேன்.

"இன்னொண்ணும் இருக்கண்ணே. அன்னைக்கு அந்தத் தாளை நான் படிக்கவே இல்ல. எல்லாப் பணமும் வாங்கியாச்சுன்னுதான் அதுல இருந்திருக்கு. சும்மா தலையாட்டிட்டேன்."

"தெரியும்பா" என்றார்.

"என்னண்ணே தெரியும்?"

"கண்ணாடி இல்லாம உனக்கு ஊர்ல இருந்து வர்ற மெசேஜே படிக்க வராது. நான்தானே படிச்சுச் சொல்வேன்? அன்னைக்குக் கண்ணாடி உன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எடுத்து மாட்டுடான்னு சொல்ல வந்தேன். அத்தனை பேர் நிக்கறாங்க, உனக்கு அசிங்கமாப் போயிடுமேன்னு போட்டுட்டேன்."

அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். அழுதுகொண்டே அதிகாரப் பத்திரம் பற்றி அவரிடம் சொன்னேன்.

"சரி, அழாதே. என்ன பத்திரம் எழுதணும்னு சொல்லு, நான் குறிச்சுக்கறேன்" என்றார். "இந்தத் தடவை கண்ணாடியை மாட்டிக்கிட்டுச் சொல்லு."

பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை, எல்லோருக்கும் கேட்கும்படி, எழுத்துக்கூட்டிப் படித்தேன்.