பிள்ளையின் பெயரில் தாயின் ரத்தம்

பிறந்து ஒரு நாள் ஆன பச்சைப்பிள்ளையிடமிருந்து குழாய் நிறைய ரத்தம் உறிஞ்ச எந்தப் படுபாவிக்கும் மனசு வராது. அரை மில்லி எடுக்கவே குதிகாலில் குத்திக் கெஞ்ச வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் நெலிடாவின் மேசையில், ‘சுல்மா தெர்ராசாஸின் மகன்’ என்ற சீட்டோடு நின்றது நிரம்பிய பெரிய குழாய். பக்கத்தில் இருந்த குட்டிக் குழாயில் தாயின் பெயர்!

பரிசோதனை இன்னும் தொடங்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் மாற்ற வேண்டி வந்து, வகையும் மாறிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ரத்தம் எடுத்தவள் நர்ஸ் ருஃபினா. நெலிடாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள். நெலிடாவுக்கு இந்த ஆய்வக வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவள்மேல் ஏற்கெனவே இரண்டு தவறு அறிக்கை மேலே போயிருந்தது. மூன்றாவதும் போனால் டிசம்பரில் ஒப்பந்தம் முடிவதோடு அவள் வேலை காலி.

ஆள் அனுப்பியதும் ஓடி வந்த ருஃபினா கதவைச் சாத்தினாள்.

“சீட்டை மாத்தி ஒட்டிடேன்டி. எது யாருதுன்னு கண்ணிருக்கிறவளுக்குத் தெரியாதா?”

“அது மட்டும் நடக்காது. ரெண்டையும் தூக்கிப் போடணும். மறுபடி எடு.”

“எடுக்கறேன், இப்பவே எடுக்கறேன். ஆனா அறிக்கையில ரத்தம் உறைஞ்சு போச்சுன்னு எழுது, அது என் தப்புக் கணக்குல வராது. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? புள்ளைக்கும் ஆபத்தில்ல, எனக்கும் சோறு இருக்கும்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. நெலிடா பேனாவை எடுத்தும்விட்டாள்.

“சரி, எப்படித்தான் மாறிச்சு?”

“ரெண்டு வார்டுக்கும் நான் ஒருத்தி. மேசையிலயே காலிக் குழாய்ல எல்லாம் சீட்டை ஒட்டிக்கிட்டுப் போயிட்டேன். நேரம் மிச்சமாகுமேன்னு.”

“எல்லாம்னா?”

ருஃபினா தரையைப் பார்த்தாள். தாங்கியில் அவள் கொண்டுவந்த இன்னும் பதினோரு குழாய்கள் நின்றன. எல்லாம் பெரியவர்களுடையவை, எல்லாம் ஒரே அளவு. அவற்றில் எது யாருடையது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

“பதினொண்ணுமா?”

“பதினொண்ணும்தான்.”

 ‘உறைந்தது’ என்று எழுதினால் இரண்டு குழாய்தான் குப்பைக்குப் போகும். மற்ற பதினொன்றும் அப்படியே பரிசோதனைக்குப் போய்விடும். பதின்மூன்றும் ஒருசேர உறைந்தது என்றால் யார் நம்புவார்கள்? இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி.

எழுதினாள். ரத்தம் எடுப்பதற்கு முன்பே சீட்டு ஒட்டப்பட்டது. பதின்மூன்று மாதிரிகளும் நிராகரிக்கப்படுகின்றன. எடுத்தவர் ருஃபினா வயேஹோஸ். இரண்டு வார்டுக்கு ஒரே நர்ஸ் என்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை. அதை ஓரத்தில் நுணுக்கி எழுதினாள். எழுதும்போதே அழுகை வந்தது.

ருஃபினா அதை வாசித்தாள். காலிக் குழாய்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அரை மணி கழித்துப் பிள்ளையின் ரத்தத்தோடு ருஃபினா வந்தாள். குட்டிக் குழாய், கட்டிலருகே நின்று ஒட்டிய சீட்டு, எடுத்த நேரம், கையெழுத்து. நெலிடா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உங்க பொண்ணு புது நன்மை வாங்கறப்போ ஞானத்தாயா நிக்க வேற ஆளப் பாத்துக்குங்க, டெக்னீஷியன் அம்மா,” என்றாள் ருஃபினா. “முதல்ல இதுல பேர் சரியா இருக்கான்னு பாருங்க.”

நெலிடா பார்த்தாள். சரியாக இருந்தது.