வாசப்படிக்கு எங்கள் அகல்

"அக்கா, இந்தத் திருக்கார்த்திகைக்கு வாசப்படியில நாங்களும் விளக்கு வைப்போம்."

வீட்டுக்காரம்மாவிடம் கேட்கவே கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். வாடகைக்கு இருப்பவர்கள் விளக்கைப் பின்கட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம்.

"எண்ணெய்க் கறைய யார் கழுவுறது? பட்டம் வாங்கினா வாய் நீண்டுடுமோ?"

"அகலுக்கு அடியில வாழையிலைத் துண்டு வைக்கிறேன். கழுவுறதும் நானே."

"அப்ப வீட்டக் காலி பண்ணிடு!"

"பண்ணிடுறோம்க்கா, விளக்க ஏத்திட்டு."

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாய வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?"

நிலா ஏறிக்கொண்டிருந்தது. சாமிக்குப் பொரி உருண்டையும் அப்பமும் படைத்தேன். குத்துவிளக்கிலிருந்து அகல்களை ஏற்றி, அடுப்படியில் ஒன்றும் குழாயடியில் ஒன்றும் வைத்தேன். மீதியைத் தட்டில் அடுக்கி, வாழையிலைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.