சிறு திருத்தம்

இந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஐந்தரைக்குக் கிளம்பியிருக்கலாம்.

நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே கூசியது. மேசைமேல் இருந்த காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கிளெய்ம்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன்மேல் வந்த மெமோவுக்கு எழுதிய பதில் அது. வாதம், வக்காலத்து எதுவும் இல்லை. இரண்டு மாதம் முன்பு மனிதவளத் துறையின் தலைவி என்ற முறையில் இவள் அலுவலகக் கண்காணிப்பு பற்றி எல்லோருக்கும் அனுப்பிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அச்செடுத்து, ஒரு வரியின்மேல் மஞ்சள் தீட்டியிருந்தாள் அந்தப் பெண்.

"கேமராப் பதிவைக் கொண்டு தனிப்பட்ட எவருடைய வேலை நேரத்தையோ இடைவேளையையோ கணக்கிட மாட்டோம்."

அதன் கீழே பேனாவால் ஒரே ஒரு வாக்கியம்: "இதை நம்பித்தான் படிக்கட்டில் உட்கார்ந்தேன்."

மெமோ கேமராவை வைத்துத்தான் வந்திருந்தது. பத்து நாட்களில் முப்பத்தொரு முறை இருக்கையை விட்டு எழுந்து மூன்றாம் மாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்ததாக, தேதி, நிமிட சகிதம் பட்டியல் போட்டிருந்தார் கிளெய்ம்ஸையும் கவனிக்கும் ஆபரேஷன்ஸ் தலைவர். அந்தப் பெண்ணுக்கு இது மூன்றாவது மெமோ. மூன்று சேர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி. கமிட்டி வரை போனவர்கள் யாரும் திரும்பித் தங்கள் இருக்கைக்கு வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

விளக்கம் கேட்கும் மெமோவைப் பிரிவுத் தலைவரே அனுப்பிவிடலாம் என்பது இங்கே வழக்கம். பதில் வந்த பிறகுதான் அது இவள் மேசைக்கு வரும். வந்துவிட்டது. நாளைக் காலை பத்தரைக்குக் கமிட்டி.

அந்தக் கடிதத்தை எழுத அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. கணினிப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார், அதனால் அவர் பெயரே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. இவளுக்கும் ஒரு பெயர் உண்டு, நோட்டீஸ் போர்டு. அது தனக்குத் தெரியும் என்பதை இவள் காட்டிக்கொண்டதில்லை. ரீஸ்டார்ட்டைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வரி வரியாக எழுதினாள்.

"லேப்டாப்ல என்னென்ன பதிவாகுது?"

"எப்ப திறந்தாங்க, எப்ப மூடினாங்க, என்ன சாஃப்ட்வேர் போட்டாங்க, பென் டிரைவ் சொருகினாங்களா, எந்தெந்த வெப்சைட்டுக்குப் போனாங்க. அவ்வளவுதான் மேடம்."

"வெப்சைட்ல என்ன டைப் பண்ணாங்கன்னு?"

"அதை நாம எடுக்கறதில்ல."

"லேப்டாப் கேமரா, மைக்?"

"நாமளா ஆன் பண்றதில்ல."

"அப்ப 'உங்கள் லேப்டாப் கேமராவை எங்களால் இயக்க முடியாது'ன்னு எழுதிடறேன்."

ரீஸ்டார்ட் தலையைச் சொறிந்தார். "முடியாதுன்னு எழுதாதீங்க மேடம். அது பொய்யாயிடும். மெஷின் நம்மளோடது, அட்மின் பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு. நினைச்சா எதையும் போட்டு விடலாம். மாட்டோம்னு எழுதுங்க."

அன்று அவள் கடிதத்தை முதலிலிருந்து திருத்தினாள். அலுவலக மின்னஞ்சலை வைரஸுக்காக இயந்திரம் சோதிக்கும். ஒரு மனிதர் திறந்து படிக்க வேண்டுமானால் எழுத்துப்பூர்வமான விசாரணை உத்தரவு வேண்டும். சொந்தக் கைபேசியை அலுவலக வைஃபையில் இணைத்தால் எந்தத் தளத்துக்குப் போனது என்பது பதிவாகும். அங்கே என்ன பேசினீர்கள் என்பது பதிவாகாது. கேமராக்கள் வாசலில், நடைவழியில், படிக்கட்டில், வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கின்றன. ஒலி பதிவாகாது. முப்பது நாளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். கழிப்பறையிலும் ஓய்வறையிலும் தாய்ப்பால் கொடுக்கும் அறையிலும் கேமரா இல்லை. பழைய பதிவை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், மனிதவளத்தில் ஒன்று, கணினிப் பிரிவில் ஒன்று. திருட்டு, விபத்து, பாதுகாப்பு, இந்த மூன்றுக்கு மட்டும்.

அதற்கும் கீழே இருந்த கடைசி வரியை, மஞ்சள் தீட்டிய வரியை, யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சேர்த்தாள். ஏன் என்று அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். அழுவதில்லை, பிரார்த்திப்பதில்லை, போனைப் பார்ப்பதுமில்லை. வீட்டின் முகத்தைக் கழற்றி அலுவலகத்தின் முகத்தை மாட்டிக்கொள்ள அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகும். எதிர்த் தூணில் ஒரு கேமரா இருக்கிறது. எழுதிய வாரத்தில்தான் அதைக் கவனித்தாள்.

அதே வாரத்தில் விடுதியில் படிக்கும் மகளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா, லொகேஷனை ஆஃப் பண்ணிட்டேன். தப்பா எடுத்துக்காதே." சரி என்று பதில் அனுப்பிவிட்டு, நாள் முழுக்க அந்தச் சரியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். மகள் எங்கே போகிறாள் என்பதைவிட, தான் ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்பதுதான் உறுத்தியது.

கதவு தட்டப்பட்டது. ஆபரேஷன்ஸ் தலைவர். பதினோரு வருடம் முன்பு இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கருவளையம். இந்தக் காலாண்டில் அவர் பிரிவில் கோப்புகள் தேங்கி மேலிடம் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது.

"படிச்சீங்களா?" என்றபடி எதிரே உட்கார்ந்தார். "மகா புத்திசாலி. நம்ம கடுதாசியை வெச்சே நம்மள மடக்குது."

"சரியாத்தானே சார் மடக்கியிருக்கு."

"அட, விடுங்க. அஞ்சு பேர் வேலையை நாலு பேர் பார்க்கறாங்க, இவங்க படிக்கட்டுல காத்து வாங்குறாங்க. போன் பேசினா அவசரம்னு விட்டிருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கு மேடம். சுவத்தைப் பார்த்துக்கிட்டு."

சும்மா என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ போய் இடித்தது. "பதிவை எடுக்க ஃபாரம் எப்ப குடுத்தீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

கோப்பை எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான். மூன்று வாரம் முன்பு, சம்பள உயர்வுப் பட்டியல்களோடு கட்டாக வந்த காகிதங்களில் அதுவும் ஒன்று. காரணம் என்ற இடத்தில் "பாதுகாப்புச் சோதனை, படிக்கட்டு கேமரா, பத்து நாட்கள்." கீழே அவள் கையெழுத்து, கடைசி எழுத்து முடியாமலே அடுத்த காகிதத்துக்கு ஓடியிருந்தது. என்ன பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலைக்கு மேல் வேலை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

"அதான் சொல்றேன்," அவர் குரலைத் தாழ்த்தினார். "இது வெளிய வந்தா எனக்கு மட்டுமில்ல, உங்களுக்கும் தலைவலி. அந்த வரிக்குப் பின்னால நாலு வார்த்தை சேர்த்துடுங்க. 'தொடர்ந்து ஒழுங்கு மீறுவோரைத் தவிர'. அவ்வளவுதான். பழைய தேதியே இருக்கட்டும்."

"இருநூத்திப் பன்னெண்டு பேர் படிச்சு ஒப்புதல் குடுத்திருக்காங்க சார்."

"குடுத்தது அந்த லிங்க்குக்குத்தானே? ஃபைலை மாத்தினா லிங்க் அப்படியேதான் இருக்கும். ஒப்புதலும் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட்டைக் கேட்டுட்டுத்தான் வரேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. அலுவலகத் தளத்தில் ஒரு ஆவணத்தை மாற்றும்போது இரண்டு வழிகள் காட்டும். ஒன்று, புதிய பதிப்பு: எல்லோருக்கும் மறுபடி போகும், எல்லோரும் மறுபடி ஒப்புதல் தர வேண்டும். மற்றொன்று, சிறு திருத்தம்: எழுத்துப்பிழைக்காக வைத்தது, யாருக்கும் செய்தி போகாது. போன மாதம் ஒரு தொலைபேசி எண்ணை அப்படித்தான் சரிசெய்தாள்.

"யாரு, எப்ப மாத்தினாங்கன்னு அதுல பதிவாகும் சார்."

"ஆகட்டுமே. அதை யாரு தோண்டிப் பார்க்கப் போறா? பார்க்கிற அதிகாரமே நமக்குத்தானே." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே சோர்ந்துவிட்டது. "எம்.டி. கிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வெச்சுட்டேன். நீங்க முடிவெடுத்தா சரின்னுட்டார். இப்பவே முடிச்சிடுங்க மேடம், நானும் நிம்மதியா வீட்டுக்குப் போறேன்."

அவள் தளத்தைத் திறந்தாள். களைப்பு ஒரு மனிதரைத் தள்ளிக்கொண்டு போகும் தூரம் கொஞ்சமில்லை. கடிதம் திரையில் வந்தது. வரியின் இறுதியில் கர்சர் துடித்தது. நாலு வார்த்தை. நாளைக் காலை அந்தப் பெண் கமிட்டியில் தன் மஞ்சள் தாளை நீட்டுவாள். யாராவது லிங்க்கைத் திறந்து, "இங்க வேற மாதிரி இருக்கேம்மா" என்பார்கள். அந்தப் பெண் கத்தமாட்டாள். தான்தான் ஒழுங்காகப் படிக்கவில்லையோ என்று தன்னையே சந்தேகப்படுவாள். வாசல்வரை போய்த் திரும்பி ஒரு தடவை இவளைப் பார்ப்பாள்.

மற்ற இருநூற்றுப் பதினோரு பேர் ஒன்றும் அறியாமல் அடுத்த மாடியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்.

லேப்டாப்பின் மேல்விளிம்பில், கேமராவின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டு ஓரம் பெயர்ந்து நின்றது. கடிதம் எழுதிய அன்றே, இனி தேவையில்லை என்று அதை எடுத்துவிட நினைத்தாள். எடுக்கவில்லை. தன் வார்த்தையைத் தானே முழுசாக நம்பவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது. நம்பியது அந்தப் பெண் ஒருத்திதான் போலிருக்கிறது.

"என்ன மேடம், யோசனை? ஒரு கிளிக்தானே. உங்களால முடியாதா என்ன?"

"முடியும் சார்."

சொல்லிவிட்டு, மாற்றம் எதையும் சேமிக்காமல் பக்கத்தை மூடினாள். கோப்பிலிருந்து தன் கையெழுத்திருந்த ஃபாரத்தை உருவி, மஞ்சள் தீட்டிய தாளோடு சேர்த்துக் கிளிப் போட்டாள். நாளைய கமிட்டிக்கான உறையில் இரண்டையும் வைத்தாள். உறையின்மேல் நேரத்தை எழுதினாள்.

"அதையும் வைக்கிறீங்களா?" அவர் குரல் இறங்கியிருந்தது. "உங்க கையெழுத்து இருக்கு அதுல."

"ஆமா சார். இருக்கு."

அவர் எழுந்து போகும்வரை அவள் தலை நிமிரவில்லை. உறையின் வாயை நிதானமாக மடித்து, விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள்.