சில பழைய பதிவுகள்

எங்கள் ஆபீசில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பதினோரு பக்கம் கொடுத்தால் ஐந்து வரியில் தருவேன். மேனேஜருக்கு புரோகிராம் கோடு பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். யாருக்குப் பாதிப்பு, எத்தனை பேருக்கு, இப்போது நிலைமை என்ன, எப்போது முடியும். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதினால் செல்போனில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அறுபது அறிக்கை வந்தால் நானும் அப்படித்தான் தள்ளுவேன்.

பதினோரு பக்கம் எழுதுகிறவன் எங்கள் டெவலப்பர். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் புராணம். ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் அந்தப் பட்டன் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பான். அன்று திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து நின்றபோது கையில் காகிதம் எதுவும் இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"அக்கா, மெயில்ல முழுசா போட்டிருக்கேன். ஆனா நீங்க அதைப் படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்."

"சொல்லுடா, சுருக்கமா."

அதிசயமாக, சுருக்கமாகவே சொன்னான். நாங்கள் ஒரு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் பதிவேட்டு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். ஒரே ஆள் தவறி இரண்டு முறை பதிவாகியிருந்தால், ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்கும்போது ஒரு பதிவில் அலர்ஜி விவரம் இருந்து மற்றதில் காலியாக இருந்தால், சில சமயம் காலியானது ஜெயித்துவிடுகிறது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதி வைத்தது திரையிலிருந்து போய்விடும். கடைசியாகப் போட்ட வெர்ஷனில் புகுந்த பிழை, எங்கள் பாஷையில் பக்.

"சனிக்கிழமையே சரி பண்ணிப் போட்டாச்சு. இனிமே வராது. ஆனா அதுக்கு முன்னாடி சேர்த்ததுல நாப்பத்தொரு பேருக்கு விவரம் போயிடுச்சு. பழசு என்ன இருந்துச்சுன்னு சிஸ்டம் தானா எழுதி வைக்கற லாக்ல இருக்கு, லிஸ்ட் எடுத்து வச்சிருக்கேன். ஆனா நோயாளி விவரத்துல நாமளா கை வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரி பார்த்து ஒத்துக்கணும். மேனேஜர்தான் அவங்ககிட்ட சொல்லணும். இன்னிக்கே."

அவன் இருந்த பதற்றத்தில் எனக்கும் பதற்றம் பற்றிக்கொண்டது. உடனே எழுதினேன். முதல் வரி: "நாற்பத்தொரு நோயாளிகளின் அலர்ஜி விவரம் திரையில் இல்லை; ஆஸ்பத்திரி இன்றே பட்டியலைப் பார்க்க வேண்டும்."

பத்து நிமிஷத்தில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். பதினோரு மணிக்கு அவருக்கு டைரக்டர்கள் கூட்டம். நின்றபடியே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, எடுத்தவுடனே வயித்துல புளியைக் கரைக்கிறே? பக் சரியாச்சா, இல்லையா?"

"சரியாச்சு சார். ஆனா…"

"அப்போ அதை முதல்ல போடு. இதை அப்படியே ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவுக்கும் அனுப்பணும். மொத்தம் எத்தனை நோயாளிங்க?"

"ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்."

"அதுல நாப்பத்தொண்ணு. சதவீதம் போடு. பயமுறுத்தாம எழுது. இருபது நிமிஷம் இருக்கு."

அவர் நாற்பத்தொன்றை எடுக்கச் சொல்லவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். எடுத்தது நான். சதவீதம் போட்டுப் பார்த்தேன்: பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் ஒன்று. அதன் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினால் உறுத்தியது. அழகாக வந்த வாக்கியத்தைக் கெடுத்தது. முதல் வரியில் "பிழை சரிசெய்யப்பட்டது" என்று போட்டேன். ஐந்தாவது வரியில் "சில பழைய பதிவுகள் ஆஸ்பத்திரியின் ஒப்புதலுடன் திருத்தப்பட வேண்டும்" என்று போட்டேன். யார், எப்போது என்று எழுதவில்லை. பட்டியலையும் இணைக்கவில்லை. படித்துப் பார்த்தபோது, வெட்கக்கேடு, எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தப் பிழைக்கென்று திறந்திருந்த டிக்கெட்டை, அதாவது புகார்ச் சீட்டை, மூடியதும் நான்தான். பக் சரியாகிவிட்டதே, மூடத்தானே வேண்டும்? மூடிய டிக்கெட் மேனேஜரின் காலைப் பட்டியலில் வராது. பழைய பதிவுகளுக்குத் தனியாக ஒரு டிக்கெட் திறந்திருக்க வேண்டும். நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை புராணம் வந்து கேட்டான்.

"அக்கா, அந்த லிஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சா?"

"மேனேஜர் பார்த்துக்குவார்டா."

"நீங்க கேட்டீங்களா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா? எழுதியாச்சு, அனுப்பியாச்சு. சும்மா என் உயிரை வாங்காதே!"

அவன் திரும்பித் தன் இடத்துக்குப் போனான். அவன் என்னை எதிர்த்துப் பேசியிருக்கலாம். ஆபீசில் என் வாய்க்குப் பயந்தவர்களில் அவனும் ஒருவன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாலையில் அடிபட்டு, நினைவில்லாமல் ஒரு பெண்ணைக் கொண்டு வந்திருக்கிறார்கள். கைப்பையில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையை வைத்துப் பதிவைத் திறந்தார்கள். அலர்ஜி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று திரை சொன்னது. காயத்துக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். புருஷன் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடிபட்டதில் போகவில்லை, அந்த அடியில் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். வயது முப்பத்து நாலு. புராணத்தின் பட்டியலில் பதினேழாவது, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்போடு.

பட்டியல் அன்று மத்தியானமே போனது. மீதி நாற்பது பேரையும் போனில் பிடித்து, விவரம் கேட்டு, பதிவைத் திருத்த ஆஸ்பத்திரிக்கு ஆன நேரம் ஒன்றரை மணி. திருத்தி முடித்தோம் என்று வந்த மெயிலை வைத்துக்கொண்டு பாத்ரூமில் போய் அழுதேன். அழுது என்ன ஆகப் போகிறது?

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கத்துவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்துத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் விரும்பினேன். மேஜையில் என் ஐந்து வரியைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். கடைசி வரியின் கீழ் பேனாவால் கோடு.

"உக்காரும்மா. வக்கீல்கிட்ட பேசிட்டேன். நாம சொல்லலைன்னு ஆஸ்பத்திரிக்காரங்க சொல்ல முடியாது. பாரு, பழைய பதிவு திருத்தணும்னு எழுத்துல கொடுத்திருக்கோம், திங்கக்கிழமையே. கேட்டிருக்க வேண்டியது அவங்க."

"சார், எத்தனை பேர்னு நான் எழுதல. யாருன்னும் எழுதல. லிஸ்ட்டும் வைக்கல."

"அதுதான் நல்லதாப் போச்சு. நம்பரோட கொடுத்திருந்தா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் போன் பண்ணலைன்னு கேட்டிருப்பாங்க."

கோடு போட்ட அந்த வரியை மறுபடி படித்தேன். புராணத்தை நான் விரட்டியது இந்த வரியை நம்பித்தான்.

"அந்தப் பையனோட பதினோரு பக்கத்தை யார்கிட்டயும் காட்ட வேண்டாம். டைரக்டர்களுக்கு இப்போ நடந்ததை நீயே எழுது. பாதிப்பு, நிலைமை, அவ்வளவு போதும். உன்னை மாதிரி யாராலயும் எழுத முடியாதும்மா. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லா பிராஜெக்ட்டுக்கும் நீதான் எழுதறே, டைரக்டர்கள்கிட்ட சொல்லிட்டேன்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பாதிப்பு என்று தட்டினேன். அதற்கு நேரே ஒன்று என்று தட்டினேன். நிலைமை என்ற இடத்தில் கை நின்றது. அந்தப் புருஷனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"மூடப்பட்டது" என்று எழுதி அனுப்பினேன்.