திரும்பி வரும் தேதி

நோட்டரிக்கு மனிதர்கள் மேல் பெரிய புகார் ஒன்றும் கிடையாது. வீட்டை விற்பவர், பெயரை மாற்றுபவர், தொலைத்த சான்றிதழுக்குப் பிரமாணம் எழுதுபவர் என்று யார் வந்தாலும் நாற்காலியைக் காட்டுவார், மின்விசிறியைத் திருப்பி வைப்பார். விவாகரத்தான தம்பதி பிள்ளை விஷயமாகச் சேர்ந்து படியேறி வந்தால் மட்டும் அவருக்கு மின்விசிறியைத் தொடக் கை வராது. அன்று காலை வந்ததும் அப்படி ஒரு ஜோடிதான்.

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் மூன்று நாற்காலிகள். அப்பாக்காரர் ஒரு கோடியில், அம்மாக்காரி மறு கோடியில். நடு நாற்காலியில் ஒரு கோப்பு மட்டும் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பதினோரு வயதுப் பெண் வெளியே நடைபாதை பெஞ்சில் இருந்தாள். அவளை உள்ளே கூப்பிட வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

விஷயம் சின்னது. பள்ளி விடுமுறைக்குப் பெண்ணை வெளிநாட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அம்மா கூட்டிப் போகிறாள். பெண் இருப்பது அம்மாவிடம்தான். ஆனால் அப்பாவின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் நாட்டை விட்டுக் கூட்டிப் போகக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவிலேயே இருக்கிறது. நாளைக் காலை விசா அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறார்கள். சம்மதக் கடிதம் இல்லையென்றால் இந்த விடுமுறைக்குப் பயணம் இல்லை.

"நானே எழுதிட்டு வந்துட்டேன். நீங்க சீல் மட்டும் வச்சா போதும்" என்று அப்பாக்காரர் இரண்டு பக்கத் தாளை நீட்டினார்.

நோட்டரி படித்தார். முதல் பக்கம் முழுக்க மாஜி மனைவியின் குணநலன்கள். இரண்டாம் பக்கத்தில், பெண்ணின் தலைமுடியை வெட்டக் கூடாது, சித்தியின் கணவரோடு காரில் தனியாக அனுப்பக் கூடாது, தினம் இரண்டு வேளை வீடியோவில் பேச வைக்க வேண்டும், இதில் ஒன்று தவறினாலும் சம்மதம் அந்த நொடியே ரத்து. சம்மதிக்கிறேன் என்ற சொல் கடைசி வரியில், கூட்ட நெரிசலில் காணாமல் போன குழந்தை போல நின்றது.

"சார், இது சம்மதமா, சாபமா?"

"என் மனசுல இருக்கறத எழுதினேன்."

"மனசு வீட்டுலயே இருக்கட்டும் சார். 'இப்படின்னா சம்மதம், அப்படின்னா ரத்து'ன்னு எழுதினா, அங்க கவுண்ட்டர்ல இருக்கறவருக்கு சம்மதம் இருக்கா இல்லையான்னே தெரியாது. தூக்கி ஓரமா வச்சிடுவார்."

"வைக்கட்டுமே" என்று சொல்ல வாயெடுத்து, அப்பாக்காரர் அதை இருமலாக மாற்றிக்கொண்டதை நோட்டரி பார்த்தார்.

அவரே தட்டச்சு செய்யத் தொடங்கினார். சம்மதம் தருபவர் யார், முகவரி, தொலைபேசி, பாஸ்போர்ட் எண். குழந்தையின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். கூட்டிப் போகிறவர் யார், என்ன உறவு. எந்த நாடு, எதற்காக, யார் வீட்டில், அந்த வீட்டு முகவரி. விவாகரத்து உத்தரவின் எண்ணும் தேதியும், நகல் இணைப்பு. இத்தனையும் சண்டையில்லாமல் நகர்ந்ததில் நோட்டரிக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

"கிளம்பற தேதி சொல்லிட்டீங்க. திரும்பற தேதி, மேடம்?"

அம்மாக்காரி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "அத காலியா விட்டுடுங்க சார். டிக்கெட் போட்டதும் நானே பேனாவால எழுதிக்கறேன்."

"காலி இடம் வச்ச தாள்ல நான் சீல் வைக்க மாட்டேன் மேடம். அப்புறம் அதுல யார் என்ன எழுதினாலும் நான் பார்த்த மாதிரி ஆயிடும்."

"ஒரு தேதிதானே. விடுமுறைக்குப் போறோம், வரப் போறோம்."

அப்பாக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். முகத்தில் லாட்டரி அடித்த களை. "பாத்தீங்களா சார். தங்கச்சிக்காரி அங்க வேலை பாத்து வச்சிருக்கா. ஸ்கூலும் பாத்துட்டாங்க. இவ திரும்ப மாட்டா."

"வேலை கிடைச்சா உங்களுக்கு என்ன எரியுது?"

"பொண்ணைத் தூக்கிட்டுப் போனா எரியாதா?"

"இத்தனை நாள் வாரக் கடைசில அவளைப் பாக்க வர்றதா சொல்லிட்டு வராம இருந்தீங்களே, அப்ப எரியலையா?"

இருவரும் பேசியது மெல்லிய குரலில்தான். பெஞ்சில் இருப்பவள் காதில் விழக் கூடாதாம். நன்றாகப் படித்த, நன்றாக உடுத்திய இரண்டு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பாகக் குதறிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க, சாக்கடையை மூடி போட்டு மூடினாலும் நாற்றம் வருமே, அப்படி இருந்தது நோட்டரிக்கு. தானும் இதே வாசனையில் வரும் காசில்தான் குடும்பம் நடத்துகிறோம் என்று எண்ணி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"மேடம், அங்கேயே குடியேறணும்னா அதுக்கு இந்தக் கடிதம் கிடையாது. கோர்ட்டுல மனு போடணும். இது போயிட்டு வர்றதுக்கு மட்டும். தேதி சொல்லுங்க, இல்லன்னா தாளைக் கிழிச்சிடறேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது. ஆனால் மகளை நினைத்து வந்த நீரா, திட்டம் கெட்டதற்கு வந்ததா என்று நோட்டரியால் சொல்ல முடியவில்லை. இரண்டாகவும் இருக்கலாம்.

"ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின ஞாயிறு" என்றாள் கடைசியில். தேதியைப் போட்டார். அச்சடித்தார். உரக்கப் படித்துக் காட்டினார்.

அப்பாக்காரர் பேனாவை வாங்கி விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டார். நோட்டரி அவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட்டில் இருந்தது நீளமாக, சாய்ந்து, கீழே ஒரு கோட்டோடு. தாளில் இருந்தது இரண்டு எழுத்தும் ஒரு சுழியும்.

"சார், இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். இப்பல்லாம் இப்படித்தான் போடறேன்."

நோட்டரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். உள்ளே வந்தவுடன் அப்பாக்காரர் அதில் போட்ட கையெழுத்து. மை கூடப் பழசாகவில்லை. நீளமாக, சாய்ந்து, கீழே ஒரு கோட்டோடு.

அப்பாக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் போட்ட கணக்கு நோட்டரிக்குப் புரிந்தது: நாளை விசா அலுவலகத்தில் அடையாள நகலோடு ஒப்பிடுவார்கள், கையெழுத்து சேரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இவரோ, நான் சம்மதம் தந்தேனே செல்லம், ஆபீஸில்தான் ஏதோ குழப்பம் என்று மகளின் தலையைத் தடவிச் சொல்லிவிடுவார்.

"எனக்குத் தெரியும்" என்று அம்மாக்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபத்தைவிடச் சந்தோஷம் அதிகம் இருந்தது. அவள் சிரித்தது கையெழுத்தைவிட அசிங்கமாக இருந்தது.

நோட்டரி அந்தத் தாளைக் கிழித்தார். மறுபடி அச்சடித்தார். "சார், வாய்விட்டு மாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க, அது உங்க உரிமை. இல்லன்னா ஒழுங்கா போடுங்க. சம்மதம்னு சொல்லிட்டு இந்த வேலை மட்டும் வேண்டாம்."

அப்பாக்காரர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு நீளமாக, சாய்த்து, கோடு போட்டுக் கையெழுத்திட்டார். நோட்டரி முத்திரையை அழுத்தி, தன் கையெழுத்தைப் போட்டார். கை கழுவ வேண்டும் போலிருந்தது.

அப்போது கதவு திறந்தது. பெண் உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் மேஜைக்கு வந்து, "அங்கிள், நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்றாள்.

கோப்பிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள். ஒரு விரல் பாஸ்போர்ட்டில், ஒரு விரல் கடிதத்தில். எண் எண்ணாகப் பார்த்தாள். பிறந்த தேதி பார்த்தாள். கிளம்பும் தேதியில் நின்றாள், திரும்பும் தேதியில் இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்பாவின் கையெழுத்தை அவருடைய பாஸ்போர்ட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். வங்கிக் காசாளர் தோற்றுப் போவார்.

"குட்டி, அப்பா பாத்துத்தான்மா போட்டிருக்கேன்" என்றார் அப்பாக்காரர்.

"தேதியும் போட்டாச்சுடி" என்றாள் அம்மாக்காரி.

"சரியா இருக்கு" என்று அவள் நோட்டரியிடம்தான் சொன்னாள். "ஒரிஜினலை நானே வச்சுக்கறேன் அங்கிள். இவங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் குடுத்துடுங்க."

நோட்டரி ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.